முதல் தவணை 32,000-ஆ, 26,693-ஆ? ஒரே கடன், ஒரே வட்டி... முதல் வருஷத்தில் எது கையைக் கடிக்கும்?

கடன் வாங்கப் போகும்போது எல்லோரும் முதலில் கேட்பது, ``வட்டி எவ்வளவு?'' அடுத்தது, ``மாசம் எவ்வளவு கட்டணும்?'' இந்த இரண்டுக்கும் நடுவில் கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதைக் கேட்காமல்தான் பலரும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ``அசலை எப்படிப் பிரிச்சிருக்கீங்க?'' என்பதே அந்தக் கேள்வி.

ஒரே தொகை, ஒரே வட்டி விகிதம், ஒரே காலம் என்று இரண்டு கடன்கள் இருந்தாலும் முதல் வருஷத்தில் ஒன்றுக்கு 50,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டி வரலாம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அசலைத் திருப்பிக் கொடுக்கும் முறைதான் வேறு. அது என்ன வித்தியாசம், அந்த 50,000 எங்கே போகிறது என்று ஒரு குடும்பத்தின் கணக்கை வைத்தே பார்த்துவிடலாம்.

ஈரோட்டில் ஒரு தையல் யூனிட்

ஈரோட்டில் வாடகைக் கட்டடத்தில் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் ஒரு தம்பதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய மெஷின்களை மாற்றிப் புதிதாக பவர் மெஷின், ஓவர்லாக், பட்டன் ஹோல் மெஷின் எல்லாம் வாங்க 12 லட்சம் ரூபாய் தேவை. விசாரித்ததில் இரண்டு இடங்களில் கடன் தயார். ஒன்று கூட்டுறவு வங்கி, இன்னொன்று தனியார் வங்கி. இரண்டிலும் வட்டி ஆண்டுக்கு 12%. இரண்டிலும் 5 வருஷம், அதாவது 60 மாதம்.

தனியார் வங்கியின் தாளில், மாதத் தவணை 26,693 ரூபாய் என்று இருக்கிறது. கூட்டுறவு வங்கியின் தாளிலோ, `60 சம மாதத் தவணைகள், தலா 20,000 ரூபாய், வட்டி தனி' என்று இருக்கிறது.

``ஏங்க, இது மாசம் 20,000 தானுங்களே? அதைவிட்டுட்டு எதுக்கு 26,000 கட்டணும்?'' என்று மனைவி கேட்கிறார். கணவருக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நல்லவேளையாக, மனைவியின் அண்ணன் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறார். தாளை வாங்கிப் பார்த்த அவர், ``கண்ணு, கடைசி ரெண்டு வார்த்தையைப் படிச்சியா? `வட்டி தனி'ன்னு போட்டிருக்கு பாரு. முதல் மாசம் நீங்க கட்டப் போறது 20,000 இல்ல, 32,000'' என்கிறார்.

அந்த இரண்டு வார்த்தைகளில்தான் விஷயமே இருக்கிறது.

முதல் மாத வட்டி இரண்டிலும் ஒன்றுதான்

கூட்டுறவு வங்கி சொல்வது சம அசல் முறை. 12 லட்சத்தை 60-ஆல் வகுத்தால் 20,000. இந்த அசல் ஒவ்வொரு மாதமும் மாறாது. அன்றைக்கு எவ்வளவு பாக்கி நிற்கிறதோ, அதற்கான வட்டி இதன்மேல் சேரும். முதல் மாதம் பாக்கி முழு 12 லட்சம். மாதத்துக்கு 1% என்றால் வட்டி 12,000. ஆக 32,000. அடுத்த மாதம் பாக்கி 11,80,000 என்பதால் வட்டி 11,800, தவணை 31,800. இப்படி மாதாமாதம் 200 ரூபாய் குறைந்துகொண்டே வந்து, 60-வது மாதம் கடைசித் தவணை 20,200-ல் முடியும்.

நம்மில் பலருக்கு இது புதிதல்ல. கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் `சொசைட்டி லோன்' எடுத்தவர்களின் சம்பளப் பட்டியலில், பிடித்தம் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதைப் பார்த்திருக்கலாம். பல சங்கங்களில் இந்த முறைதான். சிறுதொழில்களுக்கான வங்கிக் கடன்களிலும் இது சகஜம்.

தனியார் வங்கி சொல்வது நாம் எல்லோரும் அறிந்த இ.எம்.ஐ. இதில் மாறாமல் இருப்பது தவணையின் மொத்தத் தொகை. உள்ளே இருக்கும் அசலும் வட்டியும் மாதாமாதம் இடம் மாறும். முதல் மாதம் 26,693-ல் வட்டி 12,000 போக, அசலுக்குப் போவது 14,693 மட்டுமே. அடுத்த மாதம் பாக்கி 11,85,307 என்பதால் வட்டி 11,853. போகப் போக வட்டிப் பங்கு சுருங்கி, அசல் பங்கு பெருகும்.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். முதல் மாத வட்டி இரண்டிலும் அதே 12,000 ரூபாய்தான். இரண்டாவது மாதத்தில் ஒன்றில் 11,800, இன்னொன்றில் 11,853. வித்தியாசம் வெறும் 53 ரூபாய். `இ.எம்.ஐ-ல ஆரம்பத்துல வட்டியை மட்டும் பிடுங்கிக்கிறாங்க' என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பாதி உண்மை. பாக்கி எவ்வளவோ அதற்கான வட்டியை மட்டுமே எடுக்கிறார்கள். அசலை நாம் குறைவாகக் கட்டுகிறோம், அதனால் பாக்கி மெதுவாகக் குறைகிறது. நடப்பது அவ்வளவுதான்.

முதல் வருஷக் கணக்கு

அண்ணன் ஒரு வெள்ளைத்தாளில் போட்ட கணக்கு இது.

சம அசல் முறையில் முதல் மாத வட்டி 12,000. 12-வது மாதம் பாக்கி 9,80,000 ஆகியிருக்கும் என்பதால் வட்டி 9,800. நடுவில் ஒரே சீராகக் குறைவதால், இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 12-ஆல் பெருக்கினால் போதும். முதல் வருஷ வட்டி 1,30,800. அசல் 12 தவணை சேர்ந்து 2,40,000. ஆக முதல் வருஷம் கையிலிருந்து போவது 3,70,800 ரூபாய்.

இ.எம்.ஐ முறையில் 26,693-ஐ 12-ஆல் பெருக்கினால் சுமார் 3,20,320. இதில் வட்டி 1,33,972. மீதி 1,86,348 அசலுக்குப் போயிருக்கும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வேடிக்கை தெரியும். சம அசல் முறையில் முதல் வருஷம் கூடுதலாகக் கட்டுவது 50,480 ரூபாய். அதனால் அந்த வருஷம் வட்டியில் மிச்சமாவது 3,172 ரூபாய் மட்டுமே.

``அப்போ மீதி 47,000 எங்கண்ணா போச்சு?''

``எங்கேயும் போகலை கண்ணு. உன் கடன்தான் அந்த அளவுக்குக் குறைஞ்சிருக்கு. வருஷக் கடைசியில ஒண்ணுல பாக்கி 9,60,000. இன்னொண்ணுல 10,13,652. ரெண்டுக்கும் 53,652 வித்தியாசம். நீ கூடுதலாக் கட்டுன 50,480-ஐயும், வட்டி மிச்சம் 3,172-ஐயும் கூட்டிப் பாரு, சரியா வரும்.''

ஆகவே, `முதல் வருஷச் செலவு' என்று பேசும்போது இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. உண்மையான செலவு என்பது வட்டி. அதில் இரண்டு முறைக்கும் முதல் வருஷத்தில் பெரிய வித்தியாசமே கிடையாது. பெரிய வித்தியாசம் கையிலிருந்து வெளியே போகும் பணத்தில்தான். தொழில் செய்பவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. லாபக் கணக்கில் வட்டியைச் செலவாகக் காட்டலாம், அசலைக் காட்ட முடியாது. அதனால்தான் கணக்குப்படி லாபம் இருக்கும், கல்லாவில் பணம் இருக்காது.

5 வருஷமும் சேர்த்துப் பார்த்தால்?

முழுக் கடனும் முடியும்போது சம அசல் முறையில் மொத்த வட்டி 3,66,000. இ.எம்.ஐ முறையில் சுமார் 4,01,600. ஏறத்தாழ 35,600 ரூபாய் மிச்சம். முதல் வருஷத்தில் 3,172 என்று சின்னதாக ஆரம்பித்தது, பாக்கிக்கு இடையே இடைவெளி கூடக் கூட இவ்வளவாகிறது.

28-வது மாதத்தில் சம அசல் தவணை 26,600-க்கு இறங்கி, முதல் முறையாக இ.எம்.ஐ-யைவிடக் குறையும். ஆனால், மாதத் தவணை குறைந்த உடனே லாபம் வந்துவிட்டதாக எண்ண வேண்டாம். அதுவரை கூடுதலாகக் கட்டிய பணம் திரும்பி வர வேண்டும் அல்லவா? ஆரம்பத்திலிருந்து கட்டிய மொத்தத்தைக் கூட்டினால், 54-வது மாதம் வரை சம அசல்காரர்தான் அதிகம் கட்டியிருப்பார். 55-வது மாதத்தில்தான் தராசு அவர் பக்கம் சாயும். மிச்சமாகும் 35,600 முழுக்க அந்தக் கடைசி 6 மாதங்களில்தான் கைக்கு வருகிறது.

வீட்டுக் கடனில் காலம் நீளம் என்பதால் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும். 30 லட்சம், 8.5%, 20 வருஷம் என்றால் இ.எம்.ஐ சுமார் 26,035. சம அசல் முறையில் முதல் தவணை 33,750. முதல் வருஷம் சுமார் 86,700 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். அந்த வருஷம் வட்டியில் மிச்சம் சுமார் 3,550 மட்டுமே. ஆனால் 20 வருஷ முடிவில் மிச்சம் ஏறத்தாழ 6.88 லட்சம். நம் ஊரில் வீட்டுக் கடன் பெரும்பாலும் இ.எம்.ஐ-யாகத்தான் தரப்படுகிறது. அதனால், இந்தத் தேர்வு நிஜமாக வந்து நிற்பது தொழில் கடனிலும் சொசைட்டி கடனிலும்தான்.

ஆகஸ்ட்டில் என்ன செய்வது?

இப்போது மறுபடி தையல் யூனிட்டுக்கு வருவோம். மொத்த வட்டி 35,600 குறைகிறது என்றதும் கணவர், ``மச்சான், அப்ப கூட்டுறவு வங்கியிலயே வாங்கிரலாமுங்களா?'' என்று கேட்கிறார். அண்ணனின் பதில், ``மாப்ள, முதல்ல உங்க வரவு எந்த மாசம் எவ்வளவுன்னு சொல்லுங்க.''

சீருடைத் தொழிலில் ஏப்ரல் முதல் ஜூலை வரைதான் அறுவடை. கூலி, வாடகை, கரன்ட் பில், வீட்டுச் செலவு எல்லாம் போக அந்த நான்கு மாதங்களில் தலா 45,000 மிஞ்சுகிறது. ஆகஸ்ட் முதல் மார்ச் வரை ஜாப் ஒர்க் மட்டும்தான். மாதம் 24,000 மிஞ்சினால் அதிகம். வருஷத்துக்கு மொத்தம் 3,72,000.

சம அசல் முறையில் முதல் வருஷம் கட்ட வேண்டியது 3,70,800. வருஷக் கடைசியில் கையில் நிற்பது 1,200 ரூபாய்!

அதுவும் எப்படி? ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு தவணை போக 53,200 மிச்சமாகும். அதில் ஒரு ரூபாய்கூடத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். ஆகஸ்ட் முதல் எட்டு மாதமும் தவணை 31,200-ல் தொடங்கி 29,800 வரை. வரவோ 24,000. மாதாமாதம் துண்டு விழுந்து, எட்டு மாதத்தில் 52,000 கரைந்துவிடும். நடுவில் ஒரு மெஷினின் மோட்டார் எரிந்தாலோ, ஒரு பள்ளியின் பில் இரண்டு மாதம் தள்ளிப்போனாலோ தவணை தவறும்.

இ.எம்.ஐ முறையில் இதே குடும்பத்துக்குச் சீசன் நான்கு மாதத்தில் 73,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். மந்தமான மாதங்களில் விழும் துண்டு மாதம் 2,693 மட்டுமே. வருஷக் கடைசியில் கையில் சுமார் 51,680 இருக்கும். இந்த நிம்மதிக்கு முதல் வருஷத்தில் கொடுக்கும் விலை, முன்பு பார்த்த அந்த 3,172 ரூபாய் கூடுதல் வட்டி. அதாவது மாதத்துக்கு 264 ரூபாய். முதல் வருஷத்தில் கையிருப்பு குறைவாக இருக்கும் ஒரு தொழிலுக்கு இது மலிவான விலைதான்.

``ஆனா மொத்தத்துல 35,000 கூடப் போகுதேண்ணா'' என்று மனைவி விடவில்லை.

அதற்கும் வழி இருக்கிறது. கணக்குக்காக, முதல் வருஷக் கடைசியில் கையில் இருக்கும் பணத்தில் 50,000-ஐ எடுத்து அசலில் கட்டிவிடுவதாக வைத்துக்கொள்வோம். பாக்கி 9,63,652 ஆகும். சம அசல்காரரின் பாக்கி 9,60,000. கிட்டத்தட்ட இருவரும் ஒரே இடத்துக்கு வந்துவிடுகிறார்கள்! அதன் பிறகு அதே 26,693-ஐத் தொடர்ந்து கட்டினால், மீதமிருந்த 48 தவணைகள் ஏறத்தாழ 45 ஆகக் குறையும். மூன்று தவணை மிச்சம் என்றால் சுமார் 80,000. கட்டிய 50,000 போக, வட்டியில் ஏறத்தாழ 30,000 மிச்சம். அந்த 35,600-ல் பெரும்பகுதி திரும்ப வந்துவிட்டது.

சம அசல் முறை என்பது, கட்டாயமாக்கப்பட்ட முன்கூட்டிய அடைப்பு என்று சொன்னால் தப்பில்லை. இ.எம்.ஐ-யில் அதையே நாம் விரும்பும்போது செய்யலாம். விரும்பாவிட்டால் செய்யாமலும் இருந்துவிடலாம். ஆபத்தும் அங்கேதான். கையில் 50,000 மிஞ்சும்போது கடனை அடைக்காமல் புது பைக் வாங்குகிற குடும்பத்துக்கு, சம அசல் முறை நல்ல கடிவாளம்.

இப்படி அசலில் கட்டும்போது கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. கூடுதல் பணத்தைக் கணக்கில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால், அது அசலில் கழியாமல் அடுத்த தவணைக்கான முன்பணமாக நின்றுவிடக்கூடும். `இது பகுதி முன் அடைப்பு, இ.எம்.ஐ-யைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்' என்று எழுதிக் கொடுத்து, புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவது, முன் அடைப்புக் கட்டணம். தனிநபர்கள் தொழில் அல்லாத தேவைக்கு வாங்கும் மாறும் வட்டிக் கடனுக்கு, வீட்டுக் கடன் உட்பட, இந்தக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தடுத்திருக்கிறது. தொழில் கடனுக்கும் நிலையான வட்டிக் கடனுக்கும் விதி வேறு. எந்தத் தேதியில் ஒப்புதல் ஆனது, எந்த வகை நிறுவனம் கொடுத்தது என்பதைப் பொறுத்து அது மாறும். ஒப்புதல் கடிதத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். 2% என்று இருந்தால், 50,000-க்கு 1,000 ரூபாயும் அதன் மேல் 18% ஜி.எஸ்.டி-யும் சேர்ந்து 1,180 போகும்.

`வட்டி தனி' வைக்கும் பொறி

ஆரம்பத்தில் மனைவிக்கு வந்த அதே சந்தேகத்தோடு கையெழுத்துப் போட்டுவிட்டு, மாதம் 20,000-ஐ மட்டும் கணக்கில் வைத்திருந்தால் என்ன ஆகும்? பிரச்னை உடனே தெரியாது என்பதுதான் பிரச்னை. `தவணை 20,000 கட்டியாச்சு' என்று இவர்கள் நினைத்திருப்பார்கள். மாதக் கடைசியில் வங்கி 12,000 வட்டியைக் கடன் கணக்கில் பற்று வைத்திருக்கும். அது கட்டப்படாமல் நிலுவையில் நிற்கும். அந்த நிலுவைக்கும் வட்டி ஓடும். பல இடங்களில் அபராதமும் சேரும். நிலுவை 90 நாள்களைத் தாண்டினால் கடன் வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும். சிபில் ஸ்கோர் அடிவாங்கும். அடுத்த முறை மகளின் கல்விக் கடனுக்குப் போய் நிற்கும்போதுதான் விஷயமே தெரியவரும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. சேமிப்புக் கணக்கின் பாஸ்புக்கைப் பார்க்காமல், கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட்டை வாங்கிப் பாருங்கள். சம அசல் கடன் என்றால் அதில் மாதம் ஒரு முறை வட்டிப் பற்று தனி வரியாக இருக்கும். அதற்கு எதிரே நீங்கள் கட்டிய வரவு, அந்த வட்டியையும் 20,000-ஐயும் சேர்த்து இருக்க வேண்டும். மாதத்தின் நாள் கணக்கைப் பொறுத்து வட்டியில் சில ரூபாய் முன்னே பின்னே இருக்கலாம். 31 நாள் மாதத்தில் கொஞ்சம் கூடும், பிப்ரவரியில் குறையும். அதற்காகப் பதற வேண்டாம்.

மெஷின் வந்து உற்பத்தி ஆரம்பிக்கும் வரை `6 மாத விடுமுறை' தருவார்கள். அங்கேயும் இதே குழப்பம்தான். பெரும்பாலும் விடுமுறை அசலுக்கு மட்டுமே. மாதம் 12,000 வட்டியைக் கட்டியாக வேண்டும். கட்ட வேண்டாம், அசலோடு சேர்த்துக்கொள்கிறோம் என்று வங்கி சொன்னால், 6 மாதம் கழித்து கடன் 12 லட்சமாக இருக்காது. சுமார் 12,73,800 ஆகியிருக்கும்.

இன்னொரு பொறி, `ஃப்ளாட் வட்டி'. ஃபைனான்ஸ் கம்பெனியில், ``வட்டி வெறும் 7% தான் சார்'' என்பார்கள். 12 லட்சத்துக்கு 5 வருஷம் 7% என்றால் வட்டி 4,20,000. அசலோடு கூட்டி 60-ஆல் வகுத்தால் மாதம் 27,000. 12% என்று சொன்ன வங்கியின் இ.எம்.ஐ 26,693 தான்! அந்த 7%, குறையும் பாக்கிக்கு வட்டி போடும் கணக்கில் ஏறத்தாழ 12.5% ஆகிறது.

உங்கள் கடனுக்கு நீங்களே போட்டுப் பார்க்கலாம்

சம அசல் கணக்குக்கு மேலே அண்ணன் செய்ததுபோலப் பேனாவும் தாளும் போதும். இ.எம்.ஐ-யில் முதல் வருஷ வட்டியை மனக்கணக்காகப் போடுவது கஷ்டம். போனில் கூகுள் ஷீட்ஸ் இருந்தால் இரண்டு வரி போதும். முதல் வரி மாதத் தவணையைக் காட்டும். இரண்டாவது வரி முதல் 12 மாத வட்டியைக் காட்டும்.

```
=PMT(12%/12, 60, -1200000)
=-CUMIPMT(12%/12, 60, 1200000, 1, 12, 0)
```

12% என்ற இடத்தில் உங்கள் வட்டி, 60 என்ற இடத்தில் மாதங்கள், 1200000 என்ற இடத்தில் கடன் தொகை. மற்றதை மாற்ற வேண்டாம். வரும் விடையை வங்கி தரும் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தனிநபர் கடனுக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழில் கடனுக்கும் `முக்கிய விவர அறிக்கை' என்ற தாளைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2024 அக்டோபர் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அதில் மாதவாரியாக அசல், வட்டி, பாக்கி எல்லாம் பிரித்துக் காட்டும் அட்டவணையும் இருக்கும். முதல் பக்கத்தைவிட அந்த அட்டவணையில் 1-வது வரியையும் 12-வது வரியையும் பார்த்தால் போதும். அசல் பத்தி மாறாமல் இருந்தால் சம அசல். தவணைப் பத்தி மாறாமல் இருந்தால் இ.எம்.ஐ.

அப்படியானால் சம அசல் யாருக்கு?

இன்றைக்கு வரவு நன்றாக இருந்து, போகப் போகக் குறையும் அல்லது செலவு கூடும் என்று தெரிந்தவர்களுக்கு. 55 வயதில் சொசைட்டி லோன் எடுத்து 60-ல் ஓய்வு பெறப்போகிறவரை நினைத்துப் பாருங்கள். நம் 12 லட்சம் உதாரணத்தில், கடைசி வருஷம் சம அசல்காரர் கட்டுவது 2,55,600. இ.எம்.ஐ-க்காரர் அப்போதும் 3,20,320 கட்டிக்கொண்டிருப்பார். பெண்ணின் கல்யாணமும் ஓய்வும் ஒரே சமயத்தில் வரும் வீட்டில் இந்த 64,720 பெரிய பணம். இன்றைய சம்பளத்தில் மாதம் 32,000 பிடித்தால் தாங்கும் என்றால், அவருக்கு இது பொருத்தம்.

ஆனால் அந்த முதல் தவணையை வைத்துத்தான் வங்கியும் உங்கள் தகுதியைப் பார்க்கும். அதே வருமானத்துக்கு இ.எம்.ஐ-யில் 12 லட்சம் கிடைக்கும் என்றால், சம அசலில் அதற்கும் குறைவாகவே ஒப்புதல் ஆகக்கூடும்.

ஈரோட்டுத் தம்பதி, தனியார் வங்கியின் இ.எம்.ஐ-யையே எடுப்பதாக முடிவு செய்கிறார்கள். மார்ச் கடைசியில் கையில் நிற்கும் 50,000-ஐ உடனே அசலில் கட்டிவிடலாமா என்று கணவர் கேட்க, அண்ணன் தடுக்கிறார்.

``மார்ச்ல வேண்டாம் மாப்ள. ஏப்ரல்ல நூலுக்கும் துணிக்கும் பணம் வேணும். அப்ப வெளிய மூணு வட்டிக்கு வாங்குவீங்க. ஜூலைல ஸ்கூல் பில்லெல்லாம் வந்ததும் கட்டுங்க. அந்த நாலு மாசத்துக்குக் கூட ஆகுற வட்டி 2,000 தான்.''

நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 36%. மனைவி மறுபேச்சு பேசாமல், யூனிட்டில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரில் ஜூலை 31-ஐத் தேடி எடுத்து, `அசல் 50,000 – லெட்டர் கொடுக்கணும்' என்று எழுதி வைக்கிறார்.